கேட்டவர் கேட்டதும் வல்லுநர் சொன்னதும்

வானொலியில் அரைமணி நேரம் நடக்கும் தொலைபேசிவழிக் கேள்வி-பதில் நிகழ்ச்சி ஒன்றை இரண்டு பக்கச் சுருக்கமாக எழுதித் தருவது எளிய வேலை என்றே தோன்றும். கேள்விகள் இருக்கின்றன, பதில்கள் இருக்கின்றன, வணக்கங்களையும் நன்றிகளையும் நீக்கிவிட்டு எஞ்சியதை வரிசையாக எழுத வேண்டியதுதானே என்று நினைத்து உட்காருபவர், முதல் அழைப்பிலேயே தடுமாறுவார். ஏனெனில் அழைப்பவர் கேள்வியோடு வருவதில்லை. தமக்கு நேர்ந்ததோடு வருகிறார். அது கேள்வியாக உருப்பெறுவது உரையாடலின் நடுவில். சில சமயம் பதில் தொடங்கிய பிறகு.

வேளாண் ஒலிபரப்புகளை ஆராயும் ஆய்வு மாணவி ஒருவரின் மேசையிலிருக்கும் பதிவு ஒன்றை எடுத்துக்கொள்வோம். உத்தராகண்டின் தராய்ப் பகுதியைச் சேர்ந்த இந்தி நிகழ்ச்சி அது. ஜூலை மாதம், நடவு முடிந்து இரண்டு மூன்று வாரம் ஆன நேரம். பொருள், நெல்லின் சத்துக் குறைபாடுகள். வந்தவை ஏழு அழைப்புகள். இந்தச் சுருக்கம் ஆய்வேட்டின் பின்னிணைப்புக்கு மட்டுமன்று; கூட்டுறவுச் சங்கப் பலகையில் ஒட்டுவதற்கும் ஒரு படி கேட்டிருக்கிறார்கள். ஆகவே இதைப் படிப்பவர்களுள் நிகழ்ச்சியைக் கேட்காதவர்களும் இருப்பார்கள்; படித்துவிட்டு நேரே உரக்கடைக்குப் போகிறவர்களும் இருப்பார்கள்.

முதல் அழைப்பாளர் சொன்னது இவ்வளவுதான்: நட்டு இருபது நாள் ஆகிறது, பயிர் மஞ்சளாகிவிட்டது, யூரியா இரண்டு முறை போட்டாயிற்று, வளர மாட்டேன் என்கிறது. இதைக் கேட்ட நிகழ்ச்சித் தொகுப்பாளர், வானொலிக்காரர்களுக்கே உரிய சுறுசுறுப்போடு, "நெல் மஞ்சளானால் என்ன போட வேண்டும் என்று கேட்கிறார்" என வல்லுநரிடம் திருப்பிவிட்டார். சுருக்குபவருக்கு இந்த வாக்கியம் பெரும் சபலம். தெளிவாக இருக்கிறது, குட்டையாக இருக்கிறது, கேள்வியின் வடிவிலேயே இருக்கிறது. ஆனால் வல்லுநர் அதற்குப் பதில் சொல்லவில்லை. அவர் அழைப்பாளரிடமே திரும்பினார்.

"பாயீ, எந்த இலை முதலில் மஞ்சளாயிற்று? கீழ் இலையா, புதிதாக வரும் இலையா?"

"கீழ் இலைதான் சாகிப்."

"அதில் புள்ளி இருக்கிறதா?"

"இருக்கிறது. துருப்பிடித்த மாதிரி."

"வயல் முழுக்கவா?"

"இல்லை. அங்கங்கே திட்டுத் திட்டாக."

அதன் பிறகே வல்லுநர் "இது கைரா" என்றார். கருங்காலி வகையைச் சேர்ந்த கைர் மரத்தின் கட்டையிலிருந்து காய்ச்சி எடுக்கும் காசுக்கட்டியின் பழுப்பு நிறம் இலையில் படிவதால் வந்த பெயர் அது. நோய் என்றே உழவர்கள் சொன்னாலும் கிருமியால் வருவதன்று. துத்தநாகக் குறைபாட்டால் வருவது என்பதை 1966-இல் பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகத்தில் ஒய். எல். நேனே கண்டறிந்தார். அப்படியிருக்க, முதல் அழைப்பின் கேள்வியைத் தொகுப்பாளரின் சொற்களில் எழுதினால், "நெல் மஞ்சளானால் துத்தநாக சல்பேட் தெளிக்கவும்" என்ற வரி பலகையில் ஏறிவிடும். தழைச்சத்துக் குறைந்தாலும் நெல் மஞ்சளாகும், கந்தகம் குறைந்தாலும் மஞ்சளாகும், இரும்பு குறைந்தாலும் மஞ்சளாகும். அந்த வரி எல்லாருக்கும் ஒரே பொட்டலத்தை வாங்கிக் கொடுக்கும்.

எனவே எழுத வேண்டிய கேள்வி, அழைப்பாளர் முதலில் சொன்னதும் அன்று, தொகுப்பாளர் திருத்திச் சொன்னதும் அன்று. வல்லுநர் எந்த விவரங்களைக் கேட்டறிந்த பிறகு வாய் திறந்தாரோ, அந்த விவரங்கள் சேர்ந்த கேள்வி. மாணவியின் பதிவேட்டில் அது இவ்வாறு அமைந்தது: "நட்டு 20 நாளான நெல்லில் கீழ் இலைகள் முதலில் மஞ்சளாகி, துருநிறப் புள்ளிகள் தோன்றி, பயிர் திட்டுத் திட்டாகக் குட்டையாக நிற்கிறது, யூரியா இருமுறை இட்டும் பயனில்லை. என்ன செய்வது?" அழைப்பாளர் இப்படி ஒரு வாக்கியம் பேசவே இல்லை. ஆயினும் இதிலுள்ள ஒவ்வொரு சொல்லும் அவர் வாயிலிருந்து வந்ததே. 'யூரியா இருமுறை' என்பதை வெட்டிவிடலாம் என்று தோன்றலாம், வெட்டக் கூடாது. தழைச்சத்துக் குறையன்று என்று வல்லுநர் முடிவுகட்ட அதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது அழைப்பு ஒரு பெண்மணியுடையது. அவரும் 'மஞ்சள்' என்றே தொடங்கினார். ஆனால் அவர் சொன்னது நாற்றங்காலைப் பற்றி. தண்ணீர் நிற்காத மேட்டுப்பாத்தி. புதிதாக வரும் இலைகள் வெளிறி, கிட்டத்தட்ட வெள்ளையாகவே வருகின்றன. வல்லுநர் இதை இரும்புக் குறைபாடு என்றார்; அன்னபேதி எனும் இரும்பு சல்பேட்டைக் கரைத்துத் தெளிக்கவும், பாத்தியைக் காயவிடாமல் நீர் கட்டவும் சொன்னார். விதைத்து எத்தனை நாள் என்று அவர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே இணைப்பு அறுந்தது.

சுருக்கம் எழுதுபவர்களுக்குக் கேள்விகளைப் பொருள்வாரியாக அடுக்கும் ஆசை உண்டு. 'நெல் மஞ்சளாதல்' என்று ஒரு தலைப்பு, அதன் கீழ் இரண்டு அழைப்புகள், அதன் கீழ் இரண்டு பதில்கள். பார்க்க அழகாக இருக்கும். வயலில் கேடு விளைவிக்கும். துத்தநாகக் குறை கீழ் இலையில் முதலில் தெரிகிறது, இரும்புக் குறை புது இலையில் தெரிகிறது. ஒன்று நீர் தேங்கிய நடவு வயலில் மிகுதி, மற்றது நீர் நில்லாத நாற்றங்காலில் மிகுதி. ஒரே தலைப்பின் கீழ் வைத்ததும் இந்த வேறுபாடு மங்கிவிடுகிறது. படிப்பவர் இரண்டையும் கலந்து தெளிக்கலாம் என்றுகூட முடிவுசெய்வார். இதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. இரண்டு பதில்களையும் இடம்மாற்றி வைத்துவிட்டு, நிகழ்ச்சியைக் கேட்காத ஒருவரிடம் படிக்கக் கொடுக்க வேண்டும். எதுவும் பிசகாகத் தோன்றவில்லை என்று அவர் சொன்னால், கேள்விகளிலிருந்து தேவையான விவரம் உதிர்ந்துபோயிற்று என்பது உறுதி.

அறுந்த இணைப்பையும் பதிவேட்டில் காட்டியாக வேண்டும். வல்லுநர் கேட்டு விடைபெறாத வினா ஒன்று அங்கே தொங்குகிறது. 'நாற்றின் வயது தெரியாத நிலையில் சொன்ன பதில்' என்று நான்கு சொல் சேர்த்தால் போதும். அதை விட்டுவிட்டால், வல்லுநர் முழு விவரமும் அறிந்து உறுதியாகச் சொன்னார் என்ற பொய்த் தோற்றம் உண்டாகும்.

இனிப் பதில்களின் பக்கம். கேள்வியைவிடப் பதில் ஒழுங்காக இருக்கும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. வல்லுநர் படித்தவர், பழகியவர் அல்லவா? ஆனால் நேரலையில் எவரும் கட்டுரை வாசிப்பதில்லை. முதல் அழைப்பாளருக்கு அவர் சொன்ன அளவு, ஒரு ஹெக்டேருக்கு 5 கிலோ துத்தநாக சல்பேட்டும் இரண்டரைக் கிலோ நீற்றிய சுண்ணாம்பும், 1000 லிட்டர் நீரில். பிறகு ஐந்தாம் அழைப்பாளரோடு வேறொன்றைப் பேசிக்கொண்டிருக்கையில், "முன்பு பேசிய பாயீக்கும் சொல்கிறேன், சுண்ணாம்பு கிடைக்காவிட்டால் அதற்குப் பதில் 20 கிலோ யூரியா சேர்த்துக்கொள்ளலாம்" என்றார். ஆறாம் அழைப்பில் இன்னொரு திருத்தம் வந்தது. பதிலை அது ஒலித்த இடத்திலேயே விட்டுவைத்தால், முதல் கேள்வியைப் படிப்பவர் பாதிப் பதிலோடு போய்விடுவார். எல்லாவற்றையும் முதல் கேள்விக்குக் கீழே இழுத்துவந்தால், அவர் ஒரே மூச்சில் சொன்னதாக ஆகிவிடும். மாணவி செய்தது, இழுத்துவந்து ஒவ்வொன்றின் ஓரத்திலும் பதிவின் நிமிடத்தைக் குறித்தது. ஆய்வேட்டுக்கு நிமிடக் குறிப்பு தேவை. பலகைப் படியில் அதை நீக்கிவிடலாம்.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது. வல்லுநர் வெறுமனே 'சூனா' என்று சொல்லவில்லை. 'புஜா ஹுவா சூனா' என்றார். அணைந்த சுண்ணாம்பு, அதாவது நம் வழக்கில் நீற்றிய சுண்ணாம்பு. அவசரமாகக் குறிப்பெடுப்பவர் 'சுண்ணாம்பு' என்று எழுதிவிட்டு நகர்வார். அடைமொழி சுருக்கத்தின் முதற்பலி. ஆனால் நீற்றாத சுண்ணாம்பைத் தண்ணீரில் போட்டால் அது கொதித்துப் பொங்கும்; கலக்குபவரின் கையும் கண்ணும் ஆபத்துக்குள்ளாகும். சுண்ணாம்பைச் சேர்ப்பதே துத்தநாக சல்பேட் கரைசலின் அமிலத்தன்மையைத் தணித்து, இலை கருகாமல் காப்பதற்காகத்தான். பெயர்ச்சொல்லை வைத்துக்கொண்டு பெயரடையைத் தள்ளுவது என்ற சுருக்குமுறை இலக்கண வகுப்பில் நன்றாக இருக்கும். வேளாண் பதில்களிலோ அளவு, அடைமொழி, 'ஆனால்', 'கூடாது' ஆகியவைதாம் பதிலின் உயிர். வெட்டவேண்டியவை வேறிடத்தில் இருக்கின்றன.

'கூடாது' என்பதற்கு மூன்றாம் அழைப்பு நல்ல சான்று. துத்தநாகத்தை டி.ஏ.பி. உரத்தோடு கலந்து ஒரே தடவையில் போடலாமா என்று ஒருவர் கேட்டார். ஆள்கூலி மிச்சமாகுமே என்பது அவர் கணக்கு. வல்லுநரின் பதில் நீளமானது. மணிச்சத்தும் துத்தநாகமும் சேர்ந்தால் கரையாத உப்பாகி, இரண்டில் எதுவும் வேருக்கு உதவாமல் போகலாம் என்று விளக்கினார். மண்ணில் மணிச்சத்து மிகுந்தாலே துத்தநாகம் கிடைப்பது குறையும் என்றும் சொன்னார். இடையில் தம் மாணவப் பருவத்து நினைவு ஒன்றையும் கலந்தார். நினைவு போகட்டும். விளக்கத்தைச் சுருக்கலாம். ஆனால் 'கலக்கக் கூடாது, தனித்தனியே இட வேண்டும்' என்பது சுருக்கத்தின் முதல் வரியாக நிற்க வேண்டும். வல்லுநர் இறுதியில் சொன்னதை முதலில் வைப்பது வரிசைப் பிறழ்ச்சிதான். சுருக்கத்துக்கு அந்த உரிமை உண்டு.

நான்காம் அழைப்பில் அளவைச் சிக்கல். அழைப்பாளர் மண்ணில் இடும் அளவைக் கேட்டார்; வல்லுநர் ஹெக்டேருக்கு 25 கிலோ என்றார்; அழைப்பாளர் "பீகாவுக்கு எவ்வளவு?" என்று திரும்பக் கேட்டார். தொகுப்பாளர் நேரமாகிறது என்று அடுத்த அழைப்புக்குத் தாவிவிட்டார். பீகாவுக்கு மாற்றிக் கொடுத்தால் உதவியாக இருக்குமே என்று சுருக்குபவரின் கை துறுதுறுக்கும். ஆனால் எந்தப் பீகா? வட இந்தியச் சமவெளியில் பக்கா பீகா என்பது ஏறத்தாழ 2,529 சதுர மீட்டர், ஹெக்டேரில் கால் பங்கு. கச்சா பீகா பல இடங்களில் அதில் மூன்றிலொரு பங்கு. அப்படியானால் 25 கிலோ என்ற அளவு ஒரு பீகாவில் ஆறேகால் கிலோவாகவும் இன்னொரு பீகாவில் இரண்டு கிலோவுக்குச் சற்று மேலாகவும் ஆகும். மலைப்பகுதிக்காரர் 'நாலி' என்பார். 200 சதுர மீட்டர் ஒரு நாலி, 50 நாலி ஒரு ஹெக்டேர், ஆக நாலிக்கு அரைக் கிலோ. அழைப்பாளர் எந்த ஊர்க்காரர் என்பது பதிவில் இருந்தாலும், அவர் மனத்திலிருந்த பீகா எதுவென்பது பதிவில் இல்லை. மாற்றிக் கொடுக்க முடியாத இடம் இது. ஹெக்டேர்க் கணக்கை அப்படியே எழுதி, 'பீகாவுக்கான அளவு கேட்கப்பட்டது. சொல்லப்படவில்லை' என்று சேர்ப்பதோடு நிறுத்திக்கொள்வதே நேர்மை.

இதற்கு மாறாக, தெளிப்புக் கரைசலை மாற்றிக் கொடுப்பதில் தவறில்லை. 1000 லிட்டருக்கு 5 கிலோ என்றால் லிட்டருக்கு 5 கிராம். முதுகில் சுமக்கும் 15 லிட்டர்த் தெளிப்பானுக்கு 75 கிராம். சுண்ணாம்பு அதில் பாதி. கரைசலின் செறிவு எந்தப் பீகாவிலும் மாறுவதில்லை. வயலில் நிற்பவருக்கு ஹெக்டேரைவிடத் தெளிப்பான்தான் கைக்கெட்டிய அளவை. ஆனாலும் இந்த 75 கிராம் வல்லுநர் வாயிலிருந்து வந்ததன்று, ஆதலால் 'கணக்கிட்டது' என்ற குறிப்போடு எழுதப்பட வேண்டும்.

அப்படிக் குறிப்பிட்டதன் பயன் ஆறாம் அழைப்பில் தெரிந்தது. பொட்டலத்தின் மேல் '33' என்று போட்டிருக்கிறதே, அதுவும் இதுவும் ஒன்றா என்று ஓர் இளைஞர் கேட்டார். அன்றைய கேள்விகளில் மிகக் கூர்மையானது இதுவே. கேட்டவர் கடைக்காரராக இருந்தாலும் வியப்பில்லை. துத்தநாக சல்பேட் சந்தையில் இருவகையில் கிடைக்கிறது: ஏழு நீர்மூலக்கூறு கொண்டது, துத்தநாகம் 21 விழுக்காடு; ஒரு நீர்மூலக்கூறு கொண்டது, 33 விழுக்காடு. தாம் சொன்ன அளவுகளெல்லாம் 21 விழுக்காட்டுக்கு உரியவை என்று வல்லுநர் அப்போதுதான் தெளிவுபடுத்தினார். 33 ஆனால் மண்ணில் 25 கிலோவுக்குப் பதில் ஏறத்தாழ 16 கிலோ போதும். தெளிப்பானுக்கு 75 கிராமுக்குப் பதில் 48 கிராம். ஆக, ஆறாம் அழைப்பின் பதில் முதல், நான்காம் அழைப்புகளின் பதில்களைப் பின்னோக்கிச் சென்று திருத்துகிறது. நிகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டே சுருக்கத்தை எழுதி முடித்துவிடுபவர்கள் தவறவிடுவது இத்தகைய இடத்தைத்தான். முழுவதும் ஒருமுறை கேட்ட பிறகே முதல் பதிலை எழுதத் தொடங்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

உழவர் கேள்வியை எழுத்தில் பிடிக்கும் முயற்சி இந்நாட்டில் புதிதன்று. 1956-இல் யுனெஸ்கோ துணையோடு புணே வானொலி 150 ஊர்களில் நடத்திய ஊரக வானொலி மன்றச் சோதனையில், நிகழ்ச்சியைக் கூடிக் கேட்டவர்கள் அதைப் பற்றி விவாதித்தார்கள். அதை மதிப்பிட்டு பால் நியூராத் எழுதிய ஆய்வு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. 2004-இல் தொடங்கிய கிசான் அழைப்பு மையங்களோ ஒவ்வொரு அழைப்பையும் அட்டவணையில் பதிகின்றன. அரசின் திறந்த தரவுத் தளத்தில் அவற்றை `QueryText`, `KccAns` என்ற இரு நிரல்களாகக் காணலாம். ஆய்வு மாணவர்களுக்கு அது பெரும் புதையல். ஆனால் அங்கே கேள்வி பெரும்பாலும் ஒற்றை வரியாக வற்றிக் கிடக்கிறது: இன்ன பயிருக்கு உர அளவு கேட்டார், வானிலை கேட்டார் என்பது போல. எந்த இலை, எத்தனை நாள், முன்பு என்ன போட்டார் என்பன அந்தக் கட்டத்துக்குள் அரிதாகவே நுழைகின்றன. எண்ணிக்கை ஆய்வுக்கு அது போதும். ஒரு பதில் சரியா என்று சோதிக்கப் போதாது.

பெயர்களைப் பற்றி ஒரு சொல். அழைப்பாளர்கள் தம் பெயர், தந்தை பெயர், ஊர், சிலர் தொலைபேசி எண்கூடச் சொல்கிறார்கள். காற்றில் கரைந்துபோகும் பேச்சில் சொன்னது எழுத்தில் நிலைத்து நிற்பதற்கான இசைவு ஆகாது. பதிலுக்குத் தேவையானது வட்டாரம், பயிர், அதன் வயது. அவ்வளவை வைத்துக்கொண்டு மற்றதை மாணவி நீக்கிவிட்டார்.

ஏழாம் அழைப்பு மிஞ்சுகிறது. இம்முதியவர் எதையும் கேட்கவில்லை. போன ஆண்டும் இதே நிகழ்ச்சியில் சொன்னபடி துத்தநாகம் வாங்கிப் போட்டதாகவும், பயிர் தேறவில்லை என்றும், கடையில் கொடுத்தது உண்மையில் என்ன பொருளோ தெரியவில்லை என்றும் சொன்னார். வல்லுநர் "நம்பகமான இடத்தில் ரசீதோடு வாங்குங்கள்" என்று தொடங்கினார். நிறைவு இசை எழும்பி அவர் குரலை மூடிவிட்டது. கேள்வி-பதில் என்ற சட்டகத்தில் இதற்கு இடமில்லை. கேள்விக்குறி இல்லாததால் இதை விட்டுவிடலாம் என்று ஒரு தரப்பும், 'தரமான துத்தநாக சல்பேட்டை எப்படி அறிவது?' என்று கேள்வியாக்கிவிடலாம் என்று மறுதரப்பும் சொல்லும். இரண்டாவது வழி முதலாவதைவிட மோசம். அவர் கேட்காத கேள்வியை அவர் வாயில் திணித்து, அவர் சொன்ன பட்டறிவை அழித்துவிடுகிறது. அந்த ஏழு அழைப்புகளில் மற்ற ஆறு பதில்களும் பலிப்பதற்கு வேண்டிய நிபந்தனையைத் தொட்டவர் அவர் ஒருவரே.

மாணவியின் பதிவேட்டில் ஏழாம் வரியில் 'கேள்வி' என்ற கட்டம் வெறுமையாக இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கட்டம் போட்டு, 'சொன்னது' என்று தலைப்பிட்டு, முதியவரின் மூன்று வாக்கியங்களும் அப்படியே எழுதப்பட்டுள்ளன. 'பதில்' என்ற கட்டத்தில்: "ரசீதோடு வாங்கும்படி கூறினார். நிகழ்ச்சி நேரம் முடிந்தது."